ஆறு மீட்டர் குறைவு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லப் போகிறார்கள். பதினேழு வருடமாக விளையாட்டு டீச்சர். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘விசில்’. நான் வராந்தாவில் திரும்பும்போதே ‘டேய், விசில் வருதுடா’ என்று ஓடுவார்கள், நானும் காதில் விழாத மாதிரி போய்விடுவேன். ஆனால் ஒரு விஷயத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. என் ரெஜிஸ்டர். சில பள்ளிகளில் உடற்திறன் தேர்வு என்றால் ஒரு பந்தை உருட்டிவிட்டு, நிழலில் உட்கார்ந்து, மனம்போனபடி எண்களை நிரப்பிவிடுவார்கள். எனக்கு அந்தப் பிழைப்பு ஆகாது. வருடா வருடம், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, ஒரு பிள்ளை விடாமல் ஐம்பது மீட்டர் ஓடவிட்டு நேரம் எடுப்பேன்.

அதையும் ஒழுங்காக எடுப்பேன். தொடக்கக் கோட்டில் ஒரு பெரிய வகுப்புப் பையன் கொடியோடு நிற்பான். நான் முடிவுக் கோட்டில் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பேன். விசில் சத்தத்தைக் கேட்டு அழுத்தினால் சத்தம் வந்து சேர்வதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடும்; அதனால் கொடி இறங்குவதைப் பார்த்து அழுத்துவேன். பிள்ளையின் நெஞ்சு கோட்டைத் தாண்டும்போது நிறுத்துவேன். ஆளுக்கு இரண்டு ஓட்டம், அதில் நல்லது எதுவோ அது ரெஜிஸ்டருக்கு. பிறகு ஐம்பதை அந்த நேரத்தால் வகுத்து, விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று எழுதுவேன். நேரமாகச் சொன்னால் பிள்ளைகள் குழம்பும். கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா என்று பத்து தடவை கேட்கும். வேகமாகச் சொன்னால் கூடினால் நல்லது, கதை முடிந்தது.

என் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறது. எந்த வயதுப் பிள்ளை பொதுவாக எந்த வேகத்தில் ஓடும் என்று அதில் இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு ஏழு வயதில் 4.5, எட்டில் 4.8, ஒன்பதில் 5.0, பத்தில் 5.3. பக்கத்திலேயே, இதற்கு இவ்வளவு கீழே போனாலும் கவலை இல்லை, அதற்கும் கீழே போனால் கவனி என்று ஒரு எல்லை. வயது ஏற ஏற அந்த எண் ஏற வேண்டும். கால் நீள்கிறது, உடம்பில் பலம் கூடுகிறது, யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுவாக ஏறும்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் எங்கள் பள்ளியில் ஒரு அதிசயம் நடந்தது. எல்லா வகுப்பிலும் எல்லாப் பிள்ளைகளும் திடீரென்று வேகமாக ஓட ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தைய வருடம் அட்டவணையோடு ஒட்டி நின்ற வகுப்புகள், அந்த வருடம் அட்டவணையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டன. அந்த வருடம்தான் நான் தரையில் கயிற்றை ஏணி மாதிரி போட்டு, கட்டத்துக்குக் கட்டம் குதித்து ஓடும் பயிற்சியைக் கொண்டுவந்திருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹெச்.எம். ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார். ‘நம் மாணவர்கள் எல்லா வயதிலும் சராசரிக்கு மேல்’ என்று வராந்தாவில் பெரிதாக எழுதி மாட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே போவதற்காக நான் சுற்றுவழியில் கழிப்பறைக்குப் போன நாளெல்லாம் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இந்த வருடம், ஒரு திங்கட்கிழமை காலை. வேன் டிரைவர் என் அறை வாசலில் வந்து நின்றார். எங்கள் பள்ளியின் பெரிய வேனை ஓட்டுகிறவர். அவர் மகள் ஐந்தாம் வகுப்பு, பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, பட்டாணி என்றால்தான் தெரியும். ஒன்றாம் வகுப்பில் உருண்டையாக வந்து சேர்ந்ததற்கு யாரோ வைத்த பெயர், உயர்ந்து ஒல்லியான பிறகும் ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்று வாரமாக அவள் பள்ளிக்கு வரவில்லை. முதுகுவலி என்று லீவ் லெட்டர் வந்திருந்தது.

“என்ன டிரைவரண்ணே, பட்டாணி எங்கே? இந்தத் தடவை ஓட்டத்துல கடைசியா வந்ததுக்குக் கோவிச்சுக்கிட்டாளா?” என்றேன். நான் இப்படித்தான். வாய் முந்திக்கொள்ளும்.

அவர் சிரிக்கவில்லை. “ஸ்கேன் எடுத்தாங்க மிஸ். முதுகுத்தண்டுக்குள்ள ஒரு கட்டி இருக்காம்.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“மெதுவா வளர்ற கட்டியாம். அது உள்ளுக்குள்ள நரம்பை அமுக்குதாம், அதான் காலு இழுக்குதாம். ஆபரேஷன் பண்ணணும்ங்கிறாங்க. ஆனா டாக்டரம்மா ஒண்ணு கேட்டாங்க மிஸ். இவ எப்போலேருந்து மெதுவா ஆனா? இப்போ கொஞ்ச நாளாவா, இல்ல ரொம்ப நாளாவான்னு. எனக்கு என்னங்க தெரியும்? காலையில வண்டியில ஏத்துறேன், சாயந்திரம் இறக்குறேன். அவ அம்மாவுக்குக் கம்பெனியில ஷிஃப்ட். நாங்க ரெண்டு பேருமே முழிச்சோம்.”

“அதை எதுக்குக் கேக்குறாங்க?”

“கொஞ்ச நாளாத்தான்னா நரம்பு அமுங்கித்தான் இருக்கும், செத்திருக்காதாம். கட்டியை எடுத்துட்டா பழையபடி வர நிறைய வாய்ப்பு இருக்காம். வருஷக்கணக்கா இறங்கிட்டு வந்திருந்தா, போனது போனதுதானாம். அப்போ ரொம்ப உள்ள போய்க் கைவைக்க மாட்டாங்களாம், இருக்கிறதையாவது காப்பாத்தணும்னு. ஸ்கூல்ல ஓட்டம், கீட்டம்னு ஏதாவது எழுதி வெச்சிருப்பாங்களா, கேட்டுட்டு வாங்கன்னாங்க.” அவர் என் அலமாரியைப் பார்த்தார். “நீங்கதான் எல்லாம் எழுதி வெப்பீங்களே மிஸ்.”

எழுதி வைப்பேனா என்று என்னையா கேட்பது! துக்கமான நேரம்தான், ஆனாலும் உள்ளே எங்கோ ஒரு பெருமை எட்டிப் பார்த்தது உண்மை. நாலு வருட ரெஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டு வேன் ஷெட்டுக்கே போனேன், அவர் ஒன்பது மணிக்கு ஆபீஸ் வேலையாக வண்டியை எடுக்க வேண்டியிருந்தது. வேனின் படிக்கட்டில் உட்கார்ந்து நான் படிக்கப் படிக்க, அவர் நின்றபடியே கேட்டார்.

“ரெண்டாங்கிளாஸ், ஏழு வயசு. பத்து புள்ளி ஒன்பது விநாடி. வேகம் நாலு புள்ளி அஞ்சு ஒன்பது. அந்த வயசுக்கு நாலரை சராசரி. ஒரு பொட்டு மேலதான்.”

“சரி.”

“மூணாங்கிளாஸ். பத்து புள்ளி மூணு விநாடி. நாலு புள்ளி எட்டு அஞ்சு. சராசரி நாலு எட்டு. அருமையா ஓடியிருக்கா.”

“சரி, சரி.”

“போன வருஷம், நாலாங்கிளாஸ். பத்து புள்ளி ஒன்பது. நாலு புள்ளி அஞ்சு ஒன்பது. அஞ்சு வந்திருக்கணும், லேசா இறங்கியிருக்கு. ஆனா இது எல்லையை ஒட்டித்தான், பயப்படுற மாதிரி இல்ல. இந்த வருஷம்தான் அண்ணே... பன்னெண்டு புள்ளி ஆறு. மூணு புள்ளி ஒன்பது ஏழு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களே நாலுக்கு மேல ஓடும்.”

இந்த வருடம் அந்த எண்ணை எழுதும்போது நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘இந்தப் பொண்ணுக்கு டி.வி. பார்த்து உடம்பு வளையலை’ என்று நினைத்தேன். குறிப்புக் கட்டத்தில் ‘சோம்பல்’ என்று எழுதியும் வைத்திருந்தேன். படிக்கும்போது அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.

டிரைவர் விரல்விட்டு எண்ணினார். “அப்போ மூணாவது வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கா. நாலாவதுல லேசா. இந்த வருஷம்தான் மொத்தமா விழுந்திருக்கா. அப்படித்தானே மிஸ்?”

“அப்படித்தான் தெரியுது.”

“அப்போ இது புதுசு.” அவர் வேனின் பக்கவாட்டில் சாய்ந்து முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார். மூன்று வாரமாக அந்த மனிதர் மூச்சே விடாமல் இருந்திருப்பார் போல, அப்படி ஒரு பெருமூச்சு. “கடவுளே. புதுசுதான். பழையபடி ஓடுவா மிஸ். நீங்க மட்டும் எழுதி வைக்கலைன்னா எங்க கதி என்ன?”

எனக்கும் கண் கலங்கியது. சுத்தமான தாளில் எழுதி, ஹெச்.எம். முத்திரை வாங்கித் தருகிறேன், நாளைக்கு டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அவருக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. நன்றி சொல்லத் தெரியாதவர்கள் வேறு எதையாவது பேசுவார்கள். அவர் ஷெட்டைச் சுற்றிக் காட்டிப் பேச ஆரம்பித்தார்.

“ரெண்டரை வருஷம் முன்னாடி இந்த ஷெட்டு கட்டும்போது எனக்கு ஒரே பயம் மிஸ். பிள்ளைங்க ஓட்டம் முடியுற கோட்டைத் தாண்டி நிக்க முடியாம ஓடியாந்து வண்டியில முட்டிக்கும்னு. அதான் நானே வாட்ச்மேன்கிட்ட சொன்னேன், வண்டி ஆறு மீட்டர், கோட்டையும் ஆறு மீட்டர் உள்ள தள்ளிடுன்னு. அதுலேருந்து ஒரு பிள்ளைகூட மோதினதில்ல, பாருங்க.”

“ஆமா, எனக்குத் தெரியும். தொடக்கக் கோட்டையும் ஆறு மீட்டர் பின்னால தள்ளச் சொல்லி நான் அவன்கிட்ட சொன்னேன்.”

“பின்னால எங்கே மிஸ் தள்றது?” என்று அவர் இயல்பாகக் கேட்டார். “அங்கேதான் தண்ணித் தொட்டி மேடை இருக்கே.”

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் காலியான ஷெட்டில் ரெஜிஸ்டர்களோடு நின்றுகொண்டிருந்தேன். மைதானத்தின் அந்தக் கோடியில் தண்ணீர்த் தொட்டி மேடை தெரிந்தது. அதை ஒட்டி தொடக்கக் கோடு. என்றைக்கும் அங்கேதான் இருந்தது. அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

அன்று பாடவேளை எப்படிப் போனது என்று தெரியாது. பள்ளி விட்டதும் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அவர்தான் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர்.

“தொடக்கக் கோட்டைப் பின்னால தள்ளச் சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க மிஸ். தொட்டி இடிக்குது, முடியாதுன்னு நானும் சொன்னேனே.”

“எப்போ சொன்னே?”

“அன்னைக்கே. நீங்க போன்ல பேசிட்டிருந்தீங்க. தலையாட்டினீங்க.”

எனக்கு வந்த கோபத்தில் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். ஆனால் தலையாட்டியிருப்பேன். நான் எத்தனையோ பேருக்குத் தலையாட்டியிருக்கிறேன். “டேப்பைப் பிடி” என்றேன்.

அவர் தொட்டிப் பக்கம் பிடித்தார், நான் நடந்தேன். ஐம்பது மீட்டர் டேப் அது. முடிவுக் கோட்டுக்கு வந்தபோது என் கையில் இன்னும் சுருள் மிச்சம் இருந்தது. குனிந்து பார்த்தேன். நாற்பத்து நாலு. இழுத்துப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தேன். நாற்பத்து நாலேதான்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அதிசயம், கயிற்று ஏணி, கைதட்டல் எல்லாம் சேர்த்து ஆறு மீட்டர். என் பிள்ளைகள் வேகமாக ஓடவில்லை. குறைவாக ஓடினார்கள். நான் நாற்பத்து நாலு மீட்டர் ஓடவிட்டுவிட்டு ஐம்பதை வகுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் நூற்றுக்குப் பதினாலு பங்கு வேகத்தைச் சும்மா வாரி வழங்கியிருக்கிறேன். ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதில் கால் விநாடி தப்பினால்கூட வேகத்தில் 0.1தான் மாறும் என்று புதிய டீச்சர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். கொடியைப் பார், சத்தத்தைக் கேட்காதே என்பேன். தூரத்தை அளந்தீர்களா என்று ஒருத்தியும் என்னைக் கேட்டதில்லை. ஐம்பது மீட்டர் ஓட்டம் என்று பெயரே வைத்திருக்கிறோமே, அதை யார் போய் அளப்பார்கள்?

“என்ன மிஸ், தண்ணி கொண்டு வரட்டுமா?” என்றார் வாட்ச்மேன்.

“ஒண்ணும் வேணாம். நீ போ.”

ரெஜிஸ்டரைத் திறந்தேன். இரண்டாம் வகுப்பு சரி, அப்போது ஷெட் கிடையாது, முழு ஐம்பது. 4.59 அப்படியே நிற்கும். மூன்றாம் வகுப்பு: நாற்பத்து நாலைப் பத்து புள்ளி மூன்றால் வகு. 4.27. சராசரி 4.8. எல்லைக்குக் கீழே. நாலாம் வகுப்பு: நாற்பத்து நாலு, பத்து புள்ளி ஒன்பது. 4.04. இந்த வருடம்: 3.49. முழு ஐம்பது ஓடியிருந்தால் கடைசி ஆறு மீட்டரை முழு வேகத்திலேயே கடந்திருப்பாள், அதனால் இந்த எண்கள் துளி கூடியிருக்கும் என்று ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். துளிதான். ஏற வேண்டிய எண் ஏழு வயதுக்கு அப்புறம் ஒரு வருடம்கூட ஏறவில்லை. ஒவ்வொரு வருடமும் இறங்கியிருக்கிறது. நாலு எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது என் கையெழுத்தே எனக்குப் பிடிக்கவில்லை.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அதற்கு டேப்கூடத் தேவையில்லை. வகுப்பில் பத்தொன்பது பெண் பிள்ளைகள். இரண்டாம் வகுப்பில் பட்டாணி ஒன்பதாவது. மூன்றில் பதினேழாவது. நாலில் கடைசி. தூரம் நாற்பத்து நாலோ நாலாயிரமோ, எல்லோரும் ஒரே தூரம்தான் ஓடினார்கள். அவள் மட்டும் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தாலே போதும். நான் அட்டவணையோடு ஒப்பிட்டேன், ஏனென்றால் அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாயெல்லாம் பல்.

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. மூன்றாம் வகுப்பில், அந்த 10.3 ஓடி முடித்த பிறகு, அவள் என்னிடம் வந்து நின்றாள். “மிஸ், காலு கனமா இருக்கு மிஸ்” என்றாள். நான் அவளைக் கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, அட்டவணையைக் காட்டினேன். “இங்க பாரு, எட்டு வயசுக்கு நாலு எட்டு. நீ நாலு எட்டு அஞ்சு. கனமா இருக்கிற காலு இப்படி ஓடுமா? சாக்கு சொல்லாம போய் வரிசையில நில்லு.” அவள் அட்டவணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய் வரிசையில் நின்றாள். அதற்கப்புறம் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

அன்று மாலை வீட்டில் என் கணவர், “ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?” என்று கேட்டார். சொன்னேன். அவர் தபால் இலாகாவில் வேலை பார்ப்பவர், எதையும் நிதானமாகத்தான் பேசுவார். கேட்டு முடித்துவிட்டு, “அந்தத் தாளைக் குடுத்துட்டியா?” என்றார்.

“இல்ல. நாளைக்குக் குடுக்கணும்.”

“குடுக்காதேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ சொல்றதால கட்டி சின்னதாகப் போறதில்ல. அந்த ஆளுக்கு இருக்கிறது அந்த ஒரு நம்பிக்கைதான்.”

எனக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. பழைய எண்கள் ரெஜிஸ்டரில் இருக்கின்றன, நான் எதையும் திருத்தவில்லை. அப்படியே நகல் எடுத்துக் கொடுத்தால் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டர் புதுசு என்று நினைப்பார். நினைத்து, உள்ளே போய்க் கைவைப்பார். நான் வாரி வழங்கிய ஆறு மீட்டரை நம்பி அந்தப் பிள்ளையின் முதுகுத்தண்டுக்குள் ஒருவர் கத்தியை எவ்வளவு ஆழம் விடுவது என்று முடிவு செய்வார். சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் லீவ் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். டிரைவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தார். “நீங்களே வந்துட்டீங்களா மிஸ்! இவ அம்மாவுக்கு லீவு குடுக்கலை, தனியா எப்படின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.” பட்டாணி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் நிமிர்ந்து உட்கார முயன்றாள், முடியவில்லை. “உக்காரு, உக்காரு” என்றேன். அவளிடம் எதற்காகவும் இவ்வளவு மெதுவாக நான் பேசியதே இல்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். பிள்ளையை வெளியே நர்ஸ் பக்கத்தில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் போனோம். டிரைவரிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. அவர் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார். “மேடம், ஸ்கூல்ல எழுதி வெச்சிருக்காங்க. மூணாவது வரைக்கும் நல்லா ஓடியிருக்கா. இப்போதான்...”

“அண்ணே, ஒரு நிமிஷம்” என்றேன்.

டாக்டரம்மாவின் மேசையில் தாளை வைத்தேன். இரண்டு வரிசை எண்கள். நான் எழுதி வைத்திருந்தது ஒன்று, சரியானது ஒன்று. மைதானத்தில் ஷெட் கட்டியது, கோடு நகர்ந்தது, நான் அளக்காமல் விட்டது, நேற்று அளந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டைத் தள்ளச் சொன்னது யார் என்பதைச் சொல்லவில்லை. கோட்டைத் தள்ளினார்கள் என்று மட்டும் சொன்னேன்.

டாக்டரம்மா இரண்டாவது வரிசையில் பேனாவை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு எண்ணாக இறங்கினார். “இந்த முதல் வருஷம், முழு ஐம்பதா?”

“ஆமாம். அதுல சந்தேகமில்ல.”

“அதுக்கப்புறம் எல்லா வருஷமும் நாற்பத்து நாலு.”

“ஆமாம்.”

“வகுப்புல மத்த பிள்ளைங்க?”

இடங்களைச் சொன்னேன். ஒன்பது, பதினேழு, பத்தொன்பது, பத்தொன்பது. அவர் அவற்றைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார். அவர் அதை மூடிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“மூணு வருஷமாவே இறங்கிட்டு வருது” என்று அவர் டிரைவரைப் பார்த்துச் சொன்னார். “ஸ்கேனைப் பார்த்தப்போ எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்துச்சு. இது சரியா ஒத்துப்போகுது. ஆபரேஷன் பண்ணுவோம். ஆனா எடுக்க முடிஞ்ச அளவுதான் எடுப்போம். நடக்கிறதைக் காப்பாத்துறதுதான் இப்போ நம்ம வேலை. ஓட்டம் திரும்பி வரும்னு நான் உங்களுக்குச் சொல்ல முடியாது. சொன்னா அது பொய்.”

டிரைவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எண்கள் புரிந்ததா என்று தெரியவில்லை. “மூணாங்கிளாஸ்லயே தெரிஞ்சிருந்தா?” என்று கேட்டார்.

டாக்டரம்மா அவரைப் பார்த்து, “அப்போ வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சேர்க்கவில்லை. அந்த நேர்மைக்காக அவரைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

வெளியே வந்தோம். நீளமான நடைபாதை. டிரைவர் நாலடி நடந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் பக்கத்தில் போய், “அண்ணே, என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க” என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குத் திட்டு வாங்கப் பழக்கமில்லை, ஆனால் அன்றைக்கு அதற்காக ஏங்கினேன்.

“ஆறு மீட்டர்னு நான்தானே மிஸ் சொன்னேன்” என்றார். சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். “ஊரான் பிள்ளைங்க வண்டியில முட்டிக்கக் கூடாதுன்னு.”

“நீங்க செஞ்சது சரிதான் அண்ணே. அளக்க வேண்டியது நான். நீங்க இல்ல.”

“நேத்து ஒரு ராத்திரி நாங்க தூங்கினோம் மிஸ். மூணு வாரத்துக்கப்புறம். நானும் இவ அம்மாவும். இவகிட்டயும் சொல்லிட்டோம், நீ பழையபடி ஓடுவேன்னு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடைபாதையில் போகிறவர்கள் பார்த்தார்கள். விசில் மிஸ் அழுது எங்கள் பள்ளியில் ஒரு ஈ காக்கை பார்த்ததில்லை. அவர் என்னைத் தேற்றவில்லை, தேற்றவும் வேண்டியதில்லை. சட்டை நுனியால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன், வேறு எங்கே போவது என்று தெரியாமல்.

பட்டாணி எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். பத்து வயதுப் பிள்ளைக்கு முகம் படிக்கத் தெரியாதா என்ன? ஆனாலும் கேட்டாள். “டாக்டர் என்னப்பா சொன்னாங்க? எப்போ ஓடலாமாம்?”

டிரைவர் என் பக்கம் திரும்பினார். கண்ணில் கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. நான் தேடிய கோபம் அப்போதுதான் வந்தது. “மிஸ்கிட்டயே கேளும்மா” என்றார். “அவங்கதான் சரியா கணக்குப் பார்த்துச் சொல்லுவாங்க.”

அவள் என் பக்கம் திரும்பினாள். வரிசையில் நின்று எண்ணுக்காகக் காத்திருக்கும் அதே முகம். நான் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

“ஓட முடியாது கண்ணு” என்றேன். “நடக்கிறதுக்காகத்தான் ஆபரேஷன் பண்றாங்க.”

அவள் அழவில்லை. தன் முழங்காலைப் பார்த்தாள்.

“எவ்வளவு தூரம் மிஸ்?”

“தெரியலை கண்ணு” என்றேன். “யாருக்குமே தெரியலை.”